எடையை உயரத்தோட ஸ்கொயரால ஏன் வகுக்கிறோம்? பிஎம்ஐ-க்குப் பின்னாடி இருக்கிற கணக்கு

ப்ளஸ் ஒன் படிக்கிற அக்கா பொண்ணு போன வாரம் ஒரு கேள்வி கேட்டா. "மாமா, எடைங்கிறது கன அளவைப் பொறுத்தது தானே, கன அளவுன்னா நீளம் அகலம் உயரம் மூணையும் பெருக்கணும், அப்போ பிஎம்ஐ-ல எடையை உயரத்தோட க்யூபால தானே வகுக்கணும், ஏன் ஸ்கொயரால வகுக்குறாங்க?" ரொம்ப சரியான கேள்வி. பிஎம்ஐ பத்தி எத்தனையோ பேர் எழுதுறாங்க, 25-க்கு மேல போனா இது, 30-க்கு மேல போனா அதுன்னு சொல்றாங்க, ஆனா அந்த 2 எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்ல. அவளுக்குப் பேப்பர்ல போட்டுக் காட்டினதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல ஃபார்முலா. W கிலோவுல எடை, H மீட்டர்ல உயரம்.

```
BMI = W / H^2
```

170 செ.மீ. உயரம், 65 கிலோ எடை உள்ள ஒருத்தரை எடுத்துக்கலாம். 1.7 × 1.7 = 2.89. 65-ஐ 2.89-ஆல வகுத்தா 22.5. இந்த ஆளைத்தான் கட்டுரை முழுக்கக் கூட்டிட்டுப் போகப் போறோம், அதனால 170, 65, 22.5 இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இங்கயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். மீட்டர் ஸ்கொயர்னு பார்த்ததும் இது ஏதோ உடம்போட பரப்பளவு, தோலோட ஏரியான்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க. இல்ல. உயரத்தை உயரத்தாலயே பெருக்குறோம், அவ்வளவுதான், அதுல உடம்போட எந்தப் பரப்பும் கிடையாது.

இப்ப கேள்விக்கு வருவோம். ஒரு லட்டு எடுத்துக்கோங்க. விட்டம் ரெண்டு மடங்கு ஆகிற மாதிரி இன்னொரு லட்டு பிடிச்சா எடை ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும், ஏன்னா மூணு பக்கமும் ரெண்டு ரெண்டு மடங்கா பெருசாகுது, 2 × 2 × 2 = 8. இது பவர் 3. இன்னொரு பக்கம் கரும்பை எடுங்க. ஒரே தடிமன் உள்ள கரும்புல ஒரு அடித் துண்டு, ரெண்டு அடித் துண்டு வெட்டினா எடை ரெண்டு மடங்கு தான், ஏன்னா நீளம் மட்டும் தான் கூடுது, தடிமன் அப்படியே இருக்கு. இது பவர் 1.

மனுஷன் லட்டு மாதிரி வளர்றானா கரும்பு மாதிரி வளர்றானா? இதுதான் உண்மையான கேள்வி. என் அக்கா பொண்ணு கேட்டதுல ஒளிஞ்சிருந்த அனுமானம் என்னன்னா, உயரமான ஆளுங்கிறவர் குள்ளமான ஆளை ஜெராக்ஸ் மெஷின்ல பெருசு பண்ணின காப்பி, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்துல பெருசானவர்ங்கிறது. அது நிஜமா இருந்தா க்யூப் தான் சரி.

நம்ம 170 செ.மீ. ஆளை வச்சுப் பார்ப்போம். அவரை அப்படியே ஜெராக்ஸ் மாதிரி 190 செ.மீ.க்குப் பெருசு பண்ணினா எடை 90.7 கிலோ வரும், 150 செ.மீ.க்குச் சின்னதாக்கினா 44.7 கிலோ வரும். இது க்யூப் கணக்கு. கரும்புக் கணக்கு போட்டா, அதாவது தடிமன் மாறாம நீளம் மட்டும் மாறினா, 190-க்கு 72.6 கிலோ, 150-க்கு 57.4 கிலோ. ஸ்கொயர் கணக்குல 190-க்கு 81.2, 150-க்கு 50.6. ஒரே ஆள்கிட்டருந்து கிளம்பி மூணு வேற வேற பதில் வருது. இதுல எது நிஜ மனுஷங்களுக்கு ஒத்து வருதுன்னு யோசிச்சு மட்டும் கண்டுபிடிக்க முடியாது, நிறைய பேரை நிறுத்தி உயரமும் எடையும் அளந்து தான் பார்க்கணும். அப்படி அளந்தவங்க எல்லாருக்கும் வளர்ந்த ஆட்கள்ல பதில் 2-க்குப் பக்கத்துல தான் வந்துருக்கு. எங்கயும் 3 வரல.

ஏன் அப்படின்னு புரிஞ்சுக்க எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. மனுஷ உடம்போட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணி மாதிரி தான், அதனால 65 கிலோ ஆள்னா ஏறக்குறைய 65 லிட்டர். அந்த 65 லிட்டரை 1.7 மீட்டர் உயரமுள்ள ஒரே சீரான தூணா மாத்தினா அந்தத் தூணோட குறுக்குவெட்டு 382 சதுர செ.மீ. வரும், அதாவது பக்கத்துக்கு 19.5 செ.மீ. உள்ள ஒரு சதுரம். தலை, கழுத்து, மார்பு, தொடை, கணுக்கால் எல்லாத்தையும் சேர்த்து எடுத்த சராசரித் தடிமன்னு வச்சுக்கலாம். இப்ப பாருங்க, எடையை உயரத்தால ஒரே ஒரு தடவை வகுத்தாலே இந்தத் தடிமன் கைக்கு வந்துடுது. மிச்சம் இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், உயரம் கூடக்கூட இந்தக் குறுக்குவெட்டு எவ்வளவு கூடும்?

கொஞ்சமும் கூடலன்னா கரும்பு, மொத்த பவர் 1. எல்லாம் ஒரே விகிதத்துல பெருசானா குறுக்குவெட்டு உயரத்தோட ஸ்கொயர் மாதிரி கூடும், மொத்த பவர் 3. நிஜத்துல நடக்கிறது நடுவுல. உயரமானவங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அகலம் தான், ஆனா உயரம் கூடின அளவுக்கு அகலம் கூடுறதில்ல. ஒரே உயரத்துல ரெண்டு பேரை நிறுத்தினாலே ஒருத்தர் தோள் அகலமாவும் இன்னொருத்தர் ஒடிசலாவும் இருப்பாங்க, அதாவது உயரத்துக்கும் அகலத்துக்கும் உறவு இருக்கு, ஆனா இறுக்கமான உறவு இல்ல, உயரம் இழுத்த இழுப்புக்கு அகலம் பாதி தூரம் தான் வருது. அந்தப் பாதி தூரத்துல குறுக்குவெட்டு கிட்டத்தட்ட உயரத்துக்கு நேர் விகிதத்துல கூடுது, நீளத்துக்கு ஒண்ணு, தடிமனுக்கு ஒண்ணு, மொத்தம் பவர் 2.

இதை ஒரு பேன்ட் இடுப்பளவுல பார்த்துடலாம். 150 செ.மீ. உயரமுள்ள ஒருத்தருக்கு இடுப்பு 80 செ.மீ.ன்னு வைங்க. 190 செ.மீ.ங்கிறது அதைவிட 27 சதவீதம் உயரம். ஜெராக்ஸ் கணக்குப்படி 190 செ.மீ. ஆளோட இடுப்பு 101 செ.மீ. இருக்கணும். பவர் 2 கணக்குல குறுக்குவெட்டு தான் 27 சதவீதம் கூடும், சுற்றளவு அதோட ஸ்கொயர் ரூட் அளவுக்குத் தான் கூடும், சுமார் 12.5 சதவீதம், ஆக இடுப்பு 90 செ.மீ. தான் வரும். உயரமான ஆளுக்குப் பேன்ட் தைக்கிற டெய்லர் நீளத்துக்கு எவ்வளவு துணி கூட விடுறார், இடுப்புக்கு எவ்வளவு கூட விடுறார்னு கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே விகிதம்னு அவர் சொல்ல மாட்டார்.

இன்னொரு விஷயமும் இதுலயே தெரியுது. குறுக்குவெட்டை உயரத்தால இன்னொரு தடவை வகுத்தா வர்றது தான் பிஎம்ஐ. அந்த எண் உண்மையில கேக்கிறது "இந்த உயரத்துக்கு இந்தத் தடிமன் கூடவா குறைவா"ன்னு தான். அந்தத் தடிமன் கொழுப்பா தசையான்னு அதுக்குத் தெரியாது, எந்தப் பவரைப் போட்டாலும் தெரியப் போறதில்ல.

சில பேர் ஸ்கொயருக்கு வேற விளக்கம் சொல்வாங்க, தோசை மாதிரின்னு. தோசையோட விட்டம் ரெண்டு மடங்கானா எடை நாலு மடங்கு, ஏன்னா தடிமன் மாறாது. கணக்கு சரி தான், ஆனா மனுஷன் தட்டையா ரெண்டு பக்கம் மட்டும் வளர்றதில்ல. 2-ங்கிற பவர் ஜியோமெட்ரியில இருந்து வரவே இல்ல, அளந்த டேட்டாவுல இருந்து வந்தது. இதை விட்டுட்டா மத்த எதுவும் புரியாது.

சரி, பவர் தப்பா போட்டா என்ன கெட்டுப் போகும்? பவர் 2 கணக்குப்படி சராசரியா இருக்கிற மூணு பேர், 150 செ.மீ. 50.6 கிலோ, 170 செ.மீ. 65 கிலோ, 190 செ.மீ. 81.2 கிலோ. ஸ்கொயரால வகுத்தா மூணு பேருக்கும் 22.5. க்யூபால வகுத்தா வரிசையா 15.0, 13.2, 11.8. அதாவது குள்ளமானவர் குள்ளமா இருக்கிற ஒரே காரணத்துக்காகக் குண்டுன்னு காட்டும். வெறும் உயரத்தால வகுத்தா 33.7, 38.2, 42.7, இப்ப உயரமானவர் குண்டு. நமக்கு வேண்டியது உயரத்தைக் கணக்குல இருந்து எடுத்துட்டு மிச்சத்தைப் பார்க்கிற ஒரு எண், உயரத்தையே திரும்ப வேற பேர்ல சொல்ற எண் இல்ல.

இதை முதல்ல அளந்து பார்த்தவர் டாக்டரே கிடையாது. அடோல்ஃப் கெட்டலே, 1796-ல கெண்ட் நகரத்துல பிறந்த பெல்ஜியம்காரர், கணித ஆசிரியர், அப்புறம் பிரஸ்ஸல்ஸ்ல வானியல் ஆய்வுக்கூடம் வரக் காரணமா இருந்தவர். அந்தக் காலத்து வானியல்காரங்க ஒரே நட்சத்திரத்தைப் பல தடவை அளப்பாங்க, அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் மாறும், எல்லாத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து உண்மையான இடத்தைக் கண்டுபிடிப்பாங்க. கெட்டலே அதே முறையை மனுஷங்க மேல போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான மனுஷங்களை அளந்தா நடுவுல ஒரு "சராசரி மனிதன்" கிடைப்பான், மத்தவங்க அவனைச் சுத்தி மணி வடிவத்துல பரவி இருப்பாங்கன்னு நம்பினார். 1835-ல மனுஷனோட வளர்ச்சியைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார், உயரம் எடை சங்கதி அதுல தான் விரிவா இருக்கு. குண்டு ஒல்லி, நோய் ஆபத்து இதெல்லாம் அவர் நோக்கமே இல்ல, மனுஷன் எந்த விதிப்படி வளர்றான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவு தான்.

அவர் சொன்னதை முழுசா கேட்டா தான் அழகு. மனுஷன் எல்லாப் பக்கமும் சமமா வளர்ந்தா எடை உயரத்தோட க்யூப் மாதிரி போகணும், ஆனா நாம பார்க்கிறது அது இல்லன்னு ஆரம்பிக்கிறார், அதாவது அக்கா பொண்ணோட அதே கேள்வியில இருந்து. பிறந்து முதல் வருஷம் மட்டும் க்யூப் ஓரளவு ஒத்து வருது, அதுக்கப்புறம் பருவம் எட்டுற வரைக்கும் கிட்டத்தட்ட ஸ்கொயர், பருவ வயசுல எடை மறுபடி வேகமெடுக்குது. வளர்ந்து முடிச்ச ஆட்களை மட்டும் ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிட்டா எடை கிட்டத்தட்ட உயரத்தோட ஸ்கொயர். இதுல கடைசி வரி தான் இன்னைக்கு பிஎம்ஐ.

குழந்தை விஷயத்தை இன்னைக்கு அளவுகளை வச்சே சரி பார்க்கலாம். சராசரியா ஒரு ஆண் குழந்தை பிறக்கும்போது 50 செ.மீ., 3.3 கிலோ. ஒரு வயசுல சுமார் 76 செ.மீ., 9.6 கிலோ. அஞ்சு வயசுல 110 செ.மீ., 18.3 கிலோ. பிறந்ததுல இருந்து ஒரு வயசு வரைக்கும் எடை ஏறின பவர் சுமார் 2.5, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சுமார் 1.7. கண்ணாலயே தெரியும், மொழுமொழுன்னு உருண்டு தெரண்டு லட்டு மாதிரி ஆகிற குழந்தை, நடக்க ஓட ஆரம்பிச்சதும் நீளமா இழுத்துக்கிட்டு ஒல்லியாகும், அம்மாங்க எல்லாம் பிள்ளை இளைச்சுப் போச்சுன்னு கவலைப்படுவாங்க. அது இளைப்பு இல்ல, பவர் மாறுது. பிறந்த குழந்தையோட பிஎம்ஐ கணக்குப் பண்ணினா 13 வரும், பெரியவங்களுக்கான 18.5 கோட்டை வச்சுப் பார்த்தா படு ஒல்லி, ஆனா குழந்தை நல்லா இருக்கு. அதனால தான் பச்சைக்குழந்தைக்குப் பல இடங்கள்ல எடையை நீளத்தோட க்யூபால வகுக்கிற வேற குறியீட்டைப் பயன்படுத்துறாங்க, ஸ்கூல் வயசுப் பிள்ளைங்களுக்கு பிஎம்ஐ பார்த்தாலும் வயசு வாரியான சார்ட்ல வச்சுத் தான் பார்க்கணும். பருவம் எட்டுற நேரத்துல, பத்து பதினோரு வயசுல, அந்தப் பவர் 3 வரைக்கும் கூடப் போய்ட்டு அப்புறம் 2-க்குத் திரும்புது.

கெட்டலேக்கு அப்புறம் ரொம்ப காலம் இந்த வகுத்தல் டாக்டர்கள் கையில பெருசா புழங்கல. அமெரிக்காவுல எடையைப் பத்திக் கவலைப்பட்டது இன்சூரன்ஸ் கம்பெனிங்க. மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி தன்னோட பாலிசிதாரர்கள் யார் எவ்வளவு நாள் உயிரோட இருந்தாங்கன்னு பார்த்து, இந்த உயரத்துக்கு இந்த எடை இருக்கணும்னு டேபிள் போட்டுச்சு. அதுல சின்ன உடல்வாகு, நடுத்தரம், பெருசுன்னு மூணு பத்தி, ஆனா யார் எந்தப் பத்தின்னு அளந்து சொல்ல வழியே கொடுக்கல. பாலிசி எடுத்தவங்க தான் டேட்டா, ஊர் உலகத்துல மத்தவங்க அதுல இல்ல.

இதை உடைச்சவர் மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்த ஆன்செல் கீஸ். 1972-ல அவரும் கூட வேலை பார்த்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அஞ்சு நாடுகள்ல 12 குழுக்கள், 7,424 ஆண்கள். எடையை உயரத்தால வகுக்கிறது, உயரத்தோட ஸ்கொயரால வகுக்கிறது, எடையோட க்யூப் ரூட்டை வச்சுப் போடுற பழைய குறியீடு, எல்லாத்தையும் போட்டியில நிறுத்தினாங்க. ஜெயிக்க ரெண்டு பரீட்சை. ஒண்ணு, அந்த எண் உயரத்தோட ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது. ரெண்டாவது, கொழுப்போட ஒட்டிக்கிட்டுப் போகணும். கொழுப்பை எப்படி அளந்தாங்கன்னா, கையிலயும் முதுகுலயும் தோல் மடிப்பைக் கிள்ளிப் பிடிச்சுக் காலிப்பர்ல தடிமன் பார்த்தாங்க, கொஞ்சம் பேருக்கு மட்டும் உடம்போட அடர்த்தியையும் அளந்தாங்க, கொழுப்பு தண்ணியை விட லேசு, அதனால அடர்த்தி குறைஞ்சா கொழுப்பு கூடன்னு அர்த்தம்.

முடிவுல க்யூப் அடிப்படையில போட்ட குறியீடு தான் கடைசி. ஸ்கொயர், வெறும் உயரத்தால வகுத்ததை விடக் கொஞ்சம் தான் முன்னாடி, பெரிய வித்தியாசம்னு அவங்களே சொல்லல. கணக்குப் போடுறதும் சுலபம், எந்த நாட்டு ஆளுக்கும் டேபிள் இல்லாம போடலாம்னு இதைத் தேர்ந்தெடுத்து "பாடி மாஸ் இண்டெக்ஸ்"னு பேர் வச்சாங்க. அந்தப் பேர் அங்க தான் பிறந்துச்சு, கெட்டலே அதைக் கேட்டதே இல்ல. அந்த 7,424 பேர்ல ஒரு பொண்ணு கூட இல்லங்கிறதை எனக்குச் சும்மா கடந்து போக முடியல. பின்னாடி பெண்களை அளந்தப்போ பவர் ஆண்களை விடக் கொஞ்சம் குறைவாவே வருது, 2-க்குக் கீழ.

1971-லயே பென்னுங்கிற புள்ளியியல்காரர் இதைத் தெளிவா சொல்லியிருந்தார். பவரை முன்கூட்டியே 2-ன்னு முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு மக்கள் கூட்டத்துலயும் அளந்து அவங்களுக்கு எந்தப் பவர்ல உயரம் கழண்டு போகுதோ அதைப் போடுங்கன்னார். நியாயமான பேச்சு. ஆனா ஊருக்கு ஒரு பவர் வச்சா ஒரு ஊர் எண்ணை இன்னொரு ஊர் எண்ணோட ஒப்பிட முடியாது, அதனால முழு எண்ணான 2 நிலைச்சுப் போச்சு.

இதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு. 2013-ல ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் நிக் ட்ரெஃபெதன், ஸ்கொயருக்குப் பதிலா 2.5 போடணும்னு சொன்னார்.

```
1.3 * W / H^2.5
```

அந்த 1.3 எதுக்குன்னா, 1.69 மீட்டர் உயரத்துல பழைய எண்ணும் புது எண்ணும் ஒண்ணா இருக்க, ஏன்னா 1.69-ஓட ஸ்கொயர் ரூட் 1.3. நம்ம மூணு பேருக்குப் போட்டா 190 செ.மீ. ஆள் 21.2-க்கு இறங்குவார், 150 செ.மீ. ஆள் 23.9-க்கு ஏறுவார். பழைய ஃபார்முலா உயரமானவங்களைக் குண்டாவும் குள்ளமானவங்களை ஒல்லியாவும் காட்டுதுங்கிறது அவர் வாதம். கெட்டலேவே 2.5-ஐச் சொல்லியிருக்கார்னு இதுக்கு ஆதரவா சில பேர் சொல்றாங்க. சொன்னது உண்மை தான், எடையோட ஸ்கொயர் உயரத்தோட அஞ்சாவது பவர் மாதிரி போகுதுன்னு எழுதியிருக்கார், அது 2.5 தான். ஆனா அது ஒரே மனுஷன் குழந்தையில இருந்து பெரியாளா வளர்ற பாதைக்கு. வளர்ந்தவங்களைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஒப்பிடுறதுக்கு அவர் சொன்னது 2. இந்த ரெண்டையும் கலந்துட்டா கெட்டலே முரணா பேசின மாதிரி தெரியும், அவர் முரணா பேசல. என் கருத்து, வளர்ந்த ஆட்களோட டேட்டாவுல 2-க்குப் பக்கம் வர்றப்போ 2.5 போட்டா உயரம் திரும்பவும் கணக்குக்குள்ள புகுந்துடும்.

ஆனா 2-க்கும் ஒரு ஓட்டை இருக்கு. உயரத்தோட ஒட்டாத எண் வேணும்னு சொல்றப்போ, உயரமானவங்களும் குள்ளமானவங்களும் சராசரியா ஒரே அளவு பருமன்னு நாம முன்னாடியே நம்பிடுறோம். ஒரு ஊர்ல சின்ன வயசுல சாப்பாடு இல்லாம குள்ளமா நின்னவங்க பின்னாடி வசதி வந்து பருமனாகி இருந்தா, அங்க உயரத்துக்கும் பருமனுக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கும், உயரம் கழண்டு போற பவரைத் தேடினா அந்தத் தொடர்பையும் சேர்த்து மறைச்சுடும்.

இதை நீங்களே பார்க்கணும்னா எக்செல் போதும். A பத்தியில உயரம், B பத்தியில எடை, அம்பது பேர். எடை உயரத்தோட ஏதோ ஒரு பவரா போகுதுன்னா, ரெண்டுக்கும் லாக் எடுத்து கோடு போட்டா அந்தக் கோட்டோட சாய்வு தான் பவர்.

```
=SLOPE(LN(B2:B51),LN(A2:A51))
```

பழைய எக்செல்ல இதை அடிச்சு Ctrl+Shift+Enter கொடுக்கணும். உயரம் செ.மீ.ல இருந்தாலும் மீட்டர்ல இருந்தாலும் சாய்வு மாறாது. அம்பது பேருக்கு 1.3 வந்தாலும் 2.8 வந்தாலும் பயப்படாதீங்க, ஒரே உயரத்துல எடை ரொம்ப சிதறிக் கிடக்கிறதால சின்னக் கூட்டத்துல இது நிறைய ஆடும், ரெண்டு மூணு பருமனான ஆட்கள் கோட்டையே சாய்ச்சுடுவாங்க. எல்லாரும் 165-லருந்து 170-க்குள்ள இருந்தா வர்ற எண்ணுக்கு அர்த்தமே இல்ல, குட்டையும் நெட்டையும் கலந்து இருக்கணும். ஆண் பெண் டேட்டாவைத் தனித்தனியா போடுங்க, ஒண்ணா கொட்டினா உயர வித்தியாசத்தோட உடல்வாகு வித்தியாசமும் சேர்ந்துக்கும். இருபது வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைச் சேர்க்காதீங்க, அவங்க இன்னும் வேற பவர்ல வளர்ந்துட்டு இருக்காங்க.